கடைகளில் சேமித்த கார்டும் டோக்கனும்: புது கார்டு வந்தால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஆன்லைன் புத்தகக் கடையில் கார்டைச் சேமித்து வைத்திருக்கிறேன். என் கார்டு எண் அவர்களிடம் இருக்கிறதா?

இந்தியாவில் இயங்கும் கடை என்றால் இருக்கக் கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் முழுக் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க இரண்டே தரப்புக்குத்தான் அனுமதி: கார்டை வழங்கிய வங்கி, அந்தக் கார்டு எந்த நெட்வொர்க்கில் ஓடுகிறதோ அந்த நெட்வொர்க். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்றவற்றைத்தான் நெட்வொர்க் என்கிறோம். கடையும், நடுவில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் நிறுவனமும் கார்டு விவரத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் மட்டும். கணக்கு சரிபார்க்கவும், எந்தக் கார்டு என்று உங்களுக்குக் காட்டவும் அது போதும்.

முழு எண் இருந்த இடத்தில் இப்போது ஒரு டோக்கன் இருக்கிறது. பார்வைக்கு அதுவும் கார்டு எண் மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் 16 இலக்கம், தனக்கென ஒரு காலாவதித் தேதி. ஆனால் அது உங்கள் கார்டில் அச்சிட்ட எண்ணும் அல்ல, அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டு எடுத்ததும் அல்ல. டோக்கனை வைத்துக்கொண்டு எந்தச் சூத்திரத்தாலும் கார்டு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் இருக்கும் தொடர்பு, டோக்கனை வழங்கியவரின் பாதுகாக்கப்பட்ட பதிவேட்டில் ஒரு வரியாக மட்டுமே இருக்கிறது. கார்டு மாறினாலும் டோக்கன் பிழைக்கிறது என்றால், அந்த ஒரு வரியைத் திருத்த முடிகிறது என்பதுதான் காரணம்.

"கார்டைச் சேமிக்கவா?" என்று கேட்டு ஓடிபி வாங்குகிறார்களே, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது?

நீங்கள் சம்மதம் என்றதும் கடை தன் பேமென்ட் நிறுவனத்தின் வழியாக நெட்வொர்க்கிடம் ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது: இந்தக் கார்டுக்கு, இந்தக் கடைக்கென ஒரு டோக்கன் வேண்டும். இப்படிக் கேட்பவர் யாரானாலும் முன்கூட்டியே நெட்வொர்க்கிடம் பதிந்து தனக்கென ஓர் அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். நெட்வொர்க் கார்டை வழங்கிய வங்கியைக் கேட்கிறது. வங்கி ஓடிபி மூலம் உங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறது. அதன்பின் நெட்வொர்க் ஒரு டோக்கனை உருவாக்கி, தன் பதிவேட்டில் கார்டு எண்ணுக்கு எதிரே எழுதிவிட்டு, டோக்கனை மட்டும் திருப்பி அனுப்புகிறது.

பொருள் வாங்கும்போதே கார்டையும் சேமித்தால் பணத்துக்கும் டோக்கனுக்கும் ஒரே ஓடிபி போதும் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. அதனால்தான் பலருக்கு டோக்கன் உருவானதே தெரியாமல் போகிறது. ஆனால் சம்மதம் வெளிப்படையாக இருக்க வேண்டும். கட்டத்தில் கடையே முன்கூட்டி டிக் போட்டு வைத்திருப்பது விதிக்கு எதிரானது. அப்படி ஒரு தளத்தைப் பார்த்தால் டிக்கை எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

எல்லாம் முடிந்தபின் கடையின் பதிவில் ஏறக்குறைய இப்படி ஒன்று நிற்கும். புலங்களின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உள்ளடக்கம் இதுதான்.

```
{
  "network": "VISA",
  "token_ref": "tr_81c0d7",
  "token_expiry": "12/2029",
  "card_last4": "4417",
  "status": "ACTIVE"
}
```

இதில் card_last4 என்பது உங்கள் கார்டின் கடைசி நான்கு இலக்கம், டோக்கனுடையது அல்ல. கார்டு மாறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இது முக்கியம் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டோக்கனையே யாராவது திருடிவிட்டால்?

கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கனை இன்னொரு கோயிலில் நீட்டினால் செருப்பு கிடைக்காது. இதுவும் அப்படித்தான். புத்தகக் கடைக்கென உருவான டோக்கனை வேறொரு கடை பயன்படுத்த முயன்றால் நெட்வொர்க் அதை வங்கி வரைக்கும்கூட விடாது. கோரிக்கை அனுப்புவது அந்த டோக்கனுக்குரிய கடையும் அதற்காக டோக்கன் கேட்டவரும்தானா என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிபந்தனைகளில் ஒன்று. ஒரே கார்டை ஐந்து கடைகளில் சேமித்தால் ஐந்து வெவ்வேறு டோக்கன்கள் இருக்கும்.

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு முறையும் டோக்கனோடு சேர்த்து, அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் கிரிப்டோகிராம் என்ற ரகசியக் குறியீட்டைக் கடை நெட்வொர்க்கிடம் பெற்று அனுப்புகிறது. ஒரு முறை பயன்பட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஆகவே கடையின் தரவுத்தளம் முழுவதும் களவு போனாலும் திருடன் கையில் இருப்பது வேறெங்கும் செல்லாத எண்களின் பட்டியல்தான். பழைய முறையில் ஒரு சிறு கடையின் அலட்சியம், ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில் உங்கள் கார்டு தேய்க்கப்படும் வரை போய் முடியும். அந்தப் பாதையை இது உண்மையிலேயே அடைத்திருக்கிறது. சேமித்த டோக்கனில் வாங்கும்போது பல கடைகள் சிவிவி கேட்காமல் விட்டதற்கும் இந்தக் கிரிப்டோகிராம்தான் காரணம். ஓடிபி மட்டும் தொடர்கிறது.

இது இந்தியாவில் மட்டும் உள்ள ஏற்பாடா?

தொழில்நுட்பம் உலகப் பொது. கார்டு நெட்வொர்க்குகள் சேர்ந்து நடத்தும் இஎம்விகோ என்ற அமைப்பு 2014-இல் டோக்கனுக்கான பொது வரையறையை வெளியிட்டது. ஆப்பிள் பே அதே ஆண்டில் இதன் மீது எழுந்ததுதான். மற்ற நாடுகளில் கடைகள் பெரும்பாலும் தாமாக விரும்பி டோக்கனுக்கு மாறுகின்றன. இந்தியா அதைக் கட்டாயமாக்கியது. 2019 ஜனவரியில் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் டோக்கனை அனுமதித்த ரிசர்வ் வங்கி, 2021 செப்டம்பர் 7 அன்று கடைகளில் சேமிக்கும் கார்டுக்கும் அதை விரிவாக்கியது. அந்தச் சுற்றறிக்கை 2022 ஜனவரி 1 என்று குறித்த கெடு இரண்டு முறை தள்ளிப்போய், அந்த ஆண்டு செப்டம்பர் 30-இல் முடிந்தது.

என் கார்டு காலாவதியாகி வங்கி புதுசு அனுப்பியிருக்கிறது. எண்ணும் மாறிவிட்டது. பழைய டோக்கன் எப்படி வேலை செய்யும்?

ஒரு எடுத்துக்காட்டை முழுவதும் நடத்திப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒருவர். அவருடைய விசா கிரெடிட் கார்டு 4417 என்று முடிகிறது. ஒரு புத்தகக் கடை, ஒரு மருந்துக் கடை, ஒரு மளிகைத் தளம் ஆகிய மூன்று இடங்களில் சேமித்திருக்கிறார். அப்படியானால் நெட்வொர்க்கின் பதிவேட்டில் 4417-க்கு எதிரே மூன்று டோக்கன்கள் இருக்கின்றன. கார்டின் காலம் முடிந்து, 9052 என்று முடியும் புதுக் கார்டு தபாலில் வருகிறது.

முதலில், புத்தகக் கடையில் அவர் வழக்கமாக எப்படிப் பணம் கட்டினார் என்று பாருங்கள். கடை டோக்கனையும், டோக்கனின் காலாவதித் தேதியையும், கிரிப்டோகிராமையும் அனுப்புகிறது. அது கடையின் வங்கி வழியாக விசாவுக்குப் போகிறது. விசா டோக்கனையும் கடையையும் சரிபார்த்து, பதிவேட்டில் எதிரே இருக்கும் உண்மையான கார்டு எண்ணை எடுத்து, அதை வைத்து அவருடைய வங்கியிடம் "இவ்வளவு தொகை, தரலாமா?" என்று கேட்கிறது. பதில் திரும்பும் வழியில் கார்டு எண் நீக்கப்பட்டு மறுபடி டோக்கன் வைக்கப்படுகிறது. இந்தப் பயணம் முழுவதிலும் கடையின் பக்கத்தில் கார்டு எண் எங்கும் தோன்றவே இல்லை. 4417 என்ற கார்டின் எண் தெரிந்த இடங்கள் பதிவேடும் வங்கியும் மட்டும்தான்.

இப்போது கார்டு மாறும்போது வங்கி செய்ய வேண்டியது ஒன்றுதான். "4417-க்குப் பதில் இனி 9052, புதுக் காலாவதித் தேதி இது" என்று விசாவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். விசா மூன்று வரிகளிலும் வலது பக்கத்தை மாற்றுகிறது. இடது பக்கத்து டோக்கன்கள் அப்படியே நிற்கின்றன. அடுத்த முறை புத்தகக் கடை அதே டோக்கனை அனுப்பினால், விசா எடுத்து வைக்கும் எண் 9052-ஆக இருக்கும். கடையின் நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

கூடவே நெட்வொர்க் கடைகளுக்கு ஓர் அறிவிப்பு அனுப்புகிறது: இந்த டோக்கனுக்குப் பின்னால் இருக்கும் கார்டின் கடைசி நான்கு இலக்கம் மாறிவிட்டது. கடை தன் பதிவில் திருத்துவது இவ்வளவுதான்.

```
  "card_last4": "9052"
```

token_ref, token_expiry, status மூன்றும் முன்பு இருந்தபடியே இருக்கும். டோக்கனின் காலாவதித் தேதியும் கார்டின் காலாவதித் தேதியும் வேறு வேறு என்பதால்தான் கார்டின் தேதி முடிந்தது கடையைப் பாதிக்கவில்லை.

சில வங்கிகள் புதுப்பிக்கும்போது எண்ணை மாற்றாமல் தேதியையும் சிவிவியையும் மட்டும் மாற்றும். அப்போதும் இதே பாதைதான், பதிவேட்டில் தேதி மட்டும் திருத்தப்படும்.

அப்படியானால் எல்லாமே தானாக நடந்துவிடும், நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சரிதானே?

இந்தியாவில் அப்படிச் சொல்ல முடியாது. டோக்கன் பற்றிப் பேசும் பெரும்பாலான கட்டுரைகள் தவறவிடும் இடம் இது. 2021 செப்டம்பர் 7 சுற்றறிக்கை ஒரு நிபந்தனை வைக்கிறது: கார்டு புதுப்பிக்கப்பட்டாலோ மாற்றப்பட்டாலோ, முன்பு பதிந்திருந்த கடைகளோடு புதுக் கார்டை இணைக்க வங்கி உங்கள் வெளிப்படையான சம்மதத்தைக் கேட்க வேண்டும். மேலே சொன்ன அந்த ஒரு செய்தியை வங்கி உங்களைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்பதே இதன் பொருள்.

இந்த நிபந்தனை சரியானது என்பது என் கருத்து. கார்டு மாறுவது பழைய தொடர்புகளைத் திரும்பிப் பார்க்க ஒரு வாய்ப்பு, அதை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வங்கிகள் இதைக் கேட்கும் விதம் ஒன்றுபோல இல்லை. செயலியில் புதுக் கார்டை இயக்கும்போது கடைகளின் பட்டியலைக் காட்டி "இணைக்கவா?" என்று கேட்கலாம். டோக்கன் பக்கத்தில் ஒரு மூலையில் அந்தத் தெரிவு ஒளிந்திருக்கலாம். உங்கள் பதில் வராவிட்டால் பழைய டோக்கன்கள் பழைய எண்ணையே சுட்டிக்கொண்டு நின்று, அடுத்த பணம் கட்டும்போது மறுக்கப்படும்.

ஆகவே புதுக் கார்டு கைக்கு வந்து அதை இயக்கிய உடனே வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குள் போங்கள். டோக்கன் எடுத்த கடைகளின் பட்டியலைக் காட்டவும், வேண்டாததை நீக்கவும் ஒவ்வொரு வங்கியும் வசதி தர வேண்டும். செயலி, இணைய வங்கி, தொலைபேசிச் சேவை, கிளை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிலாவது அது இருந்தாக வேண்டும் என்பது விதி. 'டோக்கன்' என்றோ, 'சேமித்த கார்டுகள்' என்றோ தலைப்பு இருக்கும். கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் இப்படிக் கேளுங்கள்: "என் கார்டுக்கு எந்தெந்தக் கடையில் டோக்கன் இருக்கிறது? அவை புதுக் கார்டுக்கு மாறிவிட்டனவா?"

கார்டு தொலைந்துவிட்டது, உடனே பிளாக் செய்துவிட்டேன். டோக்கன்களும் செத்துவிட்டனவா?

பிளாக் செய்த நிமிடத்தில் பணம் போகும் வழி அடைபடுகிறது. டோக்கன் அனுப்பினாலும் அதற்கு எதிரே இருப்பது பிளாக் ஆன எண், வங்கி மறுத்துவிடும். ஆனால் டோக்கன் அழிந்துவிட்டதா என்பது தனிக் கேள்வி. வங்கி அதை நிறுத்தி வைக்கலாம், நிரந்தரமாக நீக்கலாம், தொடாமலும் விடலாம். நிறுத்தி வைத்ததை மறுபடி உயிர்ப்பிக்க முடியும். நீக்கியதை முடியாது, கடையில் புதிதாகச் சேமிக்க வேண்டியதுதான்.

கார்டு பர்ஸோடு தொலைந்த நிலையில் கடைகளில் உள்ள டோக்கன்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை. பிளாஸ்டிக்கைக் கண்டெடுத்தவருக்கு அவை தெரியாது. ஆகவே புதுக் கார்டு வந்ததும் சம்மதம் கொடுத்து அவற்றைத் தொடரவிடுவதில் தயக்கம் வேண்டாம்.

மோசடி நடந்து கார்டை மாற்றினால் கதை வேறு. யாரோ உங்களை ஏமாற்றி ஓடிபி வாங்கி, தான் பயன்படுத்தும் ஒரு தளத்தில் உங்கள் கார்டைச் சேமித்திருந்தால், அங்கேயும் ஒரு முறையான டோக்கன் உருவாகியிருக்கும். கார்டு எண்ணை மாற்றுவது அந்த டோக்கனை அழிக்காது. எல்லாக் கடைகளுக்கும் மொத்தமாகச் சம்மதம் கொடுத்தால் திருடன் வைத்திருக்கும் டோக்கனும் உங்கள் புதுக் கார்டின் மேல் ஏறிக்கொள்ளும். மோசடிக்குப் பிறகு மட்டும் பட்டியலை ஒவ்வொன்றாகப் படியுங்கள். உங்களுக்கு நினைவில் இல்லாத எந்தப் பெயரையும் நீக்குங்கள். தவறுதலாக நல்ல கடை ஒன்றை நீக்கிவிட்டாலும் இழப்பு இன்னொரு ஓடிபி மட்டும்தான்.

எந்த மாற்றத்தில் டோக்கன் பிழைக்கவே பிழைக்காது?

நெட்வொர்க் மாறினால். விசா கார்டுக்குப் பதில் அதே வங்கி ரூபே கார்டு கொடுத்தால், டோக்கனும் பதிவேடும் விசாவிடம் இருக்கின்றன, புது எண் ரூபேயின் கையில் இருக்கிறது. ஒரு நெட்வொர்க் தன் டோக்கனுக்கு எதிரே இன்னொரு நெட்வொர்க்கின் எண்ணை எழுதாது. எல்லாக் கடைகளிலும் புதிதாகச் சேமிக்க வேண்டும். வங்கியே மாறினாலும் அப்படித்தான், பழைய கணக்குக்கும் புதியதற்கும் தொடர்பே இல்லை.

நடுவில் ஒரு சாம்பல் பகுதி உண்டு. அதே வங்கி, அதே நெட்வொர்க், ஆனால் சாதாரணக் கார்டிலிருந்து உயர்ரகக் கார்டுக்கு மாறுகிறீர்கள். தொழில்நுட்ப அளவில் வரியைத் திருத்த முடியும். வங்கி இதைப் பழைய கார்டின் மாற்றாகப் பார்க்கிறதா, புது விண்ணப்பமாகப் பார்க்கிறதா என்பதைப் பொறுத்தது. புதுக் கணக்காகத் திறந்தால் டோக்கன் பழைய கார்டோடு நின்றுவிடும். மாறும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கைப்பேசியில் தட்டிப் பணம் கட்டும் டோக்கன் தனி வகை, அது அந்தக் கருவியோடு கட்டப்பட்டது. ஃபோனை மாற்றினால் அது கூட வராது. கடையில் சேமித்த டோக்கனுக்கு நீங்கள் எந்த ஃபோன் வைத்திருக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல.

புதுக் கார்டு வந்து பல நாள் ஆகியும் கடையில் பழைய 4417 என்றே காட்டுகிறது. தவறு எங்கே?

இரண்டு சாத்தியங்கள். ஒன்று, பதிவேட்டில் வரி மாறிவிட்டது, ஆனால் நெட்வொர்க் அனுப்பிய அறிவிப்பைக் கடையின் நிரல் கண்டுகொள்ளவில்லை. இது வெறும் காட்சிப் பிழை. இன்னொன்று, வங்கி செய்தியே அனுப்பவில்லை, வரி மாறவே இல்லை.

எது என்று கண்டுபிடிக்கச் சிறு தொகைக்கு ஏதாவது ஒன்றை அந்தச் சேமித்த கார்டிலேயே வாங்கிப் பாருங்கள். பணம் போய், வங்கியின் குறுஞ்செய்தி 9052 என்ற கார்டைக் குறிப்பிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது, கடையின் திரைதான் பழையது. மறுக்கப்பட்டால் சிக்கல் வங்கியின் பக்கம். அப்போது கடையில் புகார் செய்து பயனில்லை, அவர்களால் பதிவேட்டைத் தொட முடியாது. வங்கியில் சம்மதம் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரம் என்றால் கடையில் பழையதை நீக்கிவிட்டுப் புதுக் கார்டை நேரடியாகச் சேமியுங்கள்.

ஒன்று செய்ய வேண்டாம்: பழையதை நீக்காமல் புதுக் கார்டையும் சேர்த்துவிடுவது. பிறகு வங்கி பழைய டோக்கனைப் புது எண்ணுக்கு மாற்றினால் ஒரே கார்டு இரண்டு முறை பட்டியலில் நிற்கும், எதை நீக்குவது என்று குழம்புவீர்கள்.

சில ரசீதுகளில் உங்களுக்கு அறிமுகமே இல்லாத நான்கு இலக்கம் வரும். அது பெரும்பாலும் டோக்கனின் கடைசி நான்கு இலக்கம், கடையின் நிரல் தவறான புலத்தை அச்சிட்டிருக்கும். பதறும் முன் தொகையையும் தேதியையும் வங்கிக் குறுஞ்செய்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்கள்? அவையும் டோக்கனோடு பிழைக்குமா?

டோக்கன் பிழைத்தாலும் சந்தா பிழைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் தொடர் பிடித்தத்துக்கு இ-மேண்டேட் என்ற தனி அனுமதி வேண்டும். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பாக வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்புவதும், பொதுவான சந்தாக்களில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் விடுவதும் இந்த அனுமதியின் கீழ்தான். டோக்கன் என்பது பணம் எந்தக் கார்டிலிருந்து என்பதைச் சொல்வது. மேண்டேட் என்பது உங்களைக் கேட்காமல் எடுக்கலாம் என்பதைச் சொல்வது. இரண்டும் வேறு வேறு பதிவுகள்.

பழைய கார்டின் மேல் பதிந்த மேண்டேட்டைப் புதுக் கார்டுக்குக் கொண்டுசெல்வதா என்பதும் வங்கியின் ஏற்பாட்டைப் பொறுத்தது. எளிய சோதனை, அந்த 24 மணி நேர முன்னறிவிப்பு. பணம் பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் அது வரவில்லை என்றால் மேண்டேட் ஓடவில்லை என்று எடுத்துக்கொண்டு சந்தாத் தளத்தில் கார்டை மறுபடி பதியுங்கள். காப்பீட்டுத் தவணை போன்ற, தவறினால் இழப்பு தரும் தொகைகளுக்கு அன்றே இதைச் செய்யுங்கள்.

வேண்டாத சந்தா ஒன்றை நிறுத்த முடியாமல் கார்டையே மாற்றிவிட்டேன். அது போதுமா?

ஒரு காலத்தில் போதும். எண் மாறியதும் கடையிடம் இருந்த பழைய எண் செல்லாக்காசாகிவிடும், சந்தா தானாக விழுந்துவிடும். டோக்கன் வந்தபின் இந்த வழி நம்பத்தக்கதல்ல. நீங்கள் கடைகளுக்கு மொத்தச் சம்மதம் கொடுத்தால் இதுவும் கூடவே வரும்.

மேண்டேட்டை வங்கியின் பக்கத்தில் ரத்து செய்யுங்கள், டோக்கனையும் அங்கேயே நீக்குங்கள். இரண்டையும் கடையின் ஒப்புதல் இல்லாமல் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ரத்து செய்யும் பொத்தானைப் பத்துப் பக்கங்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் தளங்களிடம் கெஞ்சத் தேவையில்லை.

எங்கும் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டச்சு செய்தால் இன்னும் பாதுகாப்பு இல்லையா?

நம்பிக்கையான கடையில் அடிக்கடி வாங்குபவருக்கு டோக்கன்தான் பாதுகாப்பு. தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும் உண்மையான எண் உங்கள் உலாவி வழியாகவும் பேமென்ட் பக்கம் வழியாகவும் பயணிக்கிறது. கடையின் பக்கத்தில் யாராவது கள்ள நிரலைச் செருகியிருந்தால் அங்கேயே களவு போகும். டோக்கனில் ஒரு முறை மட்டுமே எண் வெளியே வருகிறது. ஒரே ஒரு முறை வாங்கப்போகும் கடையில் மட்டும் சேமிக்காமல் வாங்குங்கள். அப்படி வாங்கும்போது பணம் கைமாற வேண்டிய சில நாள்களுக்கு மட்டும் கடையோ அதன் பேமென்ட் நிறுவனமோ கார்டு விவரத்தை வைத்திருக்க 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி இடைக்கால அனுமதி தந்தது. பரிவர்த்தனை நாளிலிருந்து அதிகபட்சம் 4 நாள், அல்லது கணக்கு தீரும் நாள், இவற்றில் எது முந்தியோ அதுவரை.

நான் சிறிய ஆன்லைன் துணிக்கடை நடத்துகிறேன். பேமென்ட் நிறுவனத்தை மாற்றலாம் என்றிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் சேமித்த கார்டுகள் கூட வருமா?

முதலில் உங்களிடம் இருப்பது எந்த டோக்கன் என்று பாருங்கள். பேமென்ட் நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் குறியீட்டையும் டோக்கன் என்றே அழைக்கின்றன. அது அந்த நிறுவனத்தின் கணினியைத் தாண்டி யாருக்கும் பொருள்படாது. நெட்வொர்க் டோக்கன் அதற்குப் பின்னால் இருப்பது, அதுவும் கேட்டவரின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. பழைய நிறுவனம் தன் அடையாளத்தில் கேட்டு வாங்கியிருந்தால் புதிய நிறுவனம் அதை எடுத்து ஓட்ட முடியாது. பெரிய கடைகள் தங்கள் சொந்த அடையாள எண்ணில் டோக்கன் வாங்குவது இந்தப் பிடியிலிருந்து தப்பிக்கத்தான். சிறு கடைக்கு அந்தச் செலவு கட்டாது. ஒப்பந்தம் போடும்போதே, விலகினால் டோக்கன்கள் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். வராது என்றால் பழைய இணைப்பைச் சில மாதம் வைத்திருந்து, ஒவ்வொரு வாடிக்கையாளரும் அடுத்த முறை வாங்கும்போது புதிய பக்கம் சேமிக்கச் செய்வதே நடைமுறை வழி.

கார்டு மாற்றத்தைப் பொறுத்தவரை உங்கள் வேலை இரண்டு. நெட்வொர்க் அனுப்பும் மாற்ற அறிவிப்பை உங்கள் பேமென்ட் நிறுவனம் உங்களுக்குக் கடத்துகிறதா என்று கேட்டு, வந்ததும் கடைசி நான்கு இலக்கத்தையும் நிலையையும் திருத்துங்கள். மறுப்புக் குறியீடுகளையும் கவனியுங்கள். டோக்கன் உயிரோடு இருக்கும்போது 54 என்று வந்தால் கார்டின் காலம் முடிந்தது என்று பொருள். அதாவது வங்கி இன்னும் புது விவரத்தை இணைக்கவில்லை. 41 என்றால் தொலைந்ததாகப் பதிவான கார்டு. இரண்டிலும் அதே டோக்கனை மீண்டும் மீண்டும் அடித்துப் பார்ப்பதால் பயனில்லை. "உங்கள் கார்டு மாறியிருக்கிறதா? வங்கிச் செயலியில் எங்கள் கடைக்குச் சம்மதம் கொடுங்கள், அல்லது இங்கே புதுக் கார்டைச் சேமியுங்கள்" என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாக ஒரு வரி காட்டுங்கள். வெறும் "பணம் செலுத்த முடியவில்லை" என்று காட்டினால் அவர் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்.